ஓய்வுக்குப் போகும்முன் வாசகருக்கு ஒரு கடிதம்: எழுதும் முறையும் அதன் முன்பின் வேலைகளும்

3 வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தூக்கக் கலக்கத்தோடு, என் மாடித்தோட்ட வலைப்பூவில் இப்படி ஒரு பதிவு போட்டேன்:

"அன்பு நட்புகளே, கொஞ்ச நாளாக உடலும் மனமும் சரியில்லை. அதனால் சிறிது காலம் எழுத முடியாது என்று நினைக்கிறேன். எல்லோரும் மன்னிக்க வேண்டும். விரைவில் சந்திப்போம்."

விடிந்து பார்த்தால் நாற்பத்துச் சொச்சம் பின்னூட்டங்கள். "அக்கா, உடம்புக்கு என்ன?" என்று பாதிப் பேர். "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று மீதிப் பேர். ஒருவர் கருஞ்சீரகத்தை வறுத்துப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லியிருந்தார். இன்னொருவர் பணம் ஏதும் வேண்டுமா என்று தனியாக மெயில் போட்டிருந்தார். ஊரிலிருந்து அத்தை போன் செய்து, "எங்கிட்டகூடச் சொல்லாம என்னத்தடி மறைக்கிற?" என்று அழாத குறை. எனக்கு இருந்ததோ வெறும் அலுப்பு. 5 வருடமாகச் செவ்வாய், வெள்ளி என்று வாரம் 2 பதிவு எழுதிய அலுப்பு, அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் "ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்று பதில் எழுதியே 10 நாள் போனது. அந்த நேரத்தில் 4 பதிவு எழுதியிருக்கலாம்.

தப்பு அவர்கள்மேல் இல்லை. கடிதம் அப்படி இருந்தது. ஓய்வை அறிவிக்கும் கடிதம் எத்தனை பேரை நெகிழ வைத்தது என்பது கணக்கே இல்லை. எத்தனை கேள்வியை வரவிடாமல் தடுத்தது என்பதுதான் கணக்கு. போன வருடம் இரண்டாம் முறை ஓய்வெடுத்தபோது அதை மனதில் வைத்து எழுதினேன். 45 நாளில் என்னைத் தேடி வந்த கேள்விகள் 3. எப்படிச் செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தேதி, பிறகுதான் கடிதம்

பேனாவை எடுக்கும்முன் காலண்டரை எடுங்கள். நீங்கள் எதைப் பற்றி எழுதுகிறீர்களோ அதற்கென்று ஒரு பருவம் இருக்கும். வாசகருக்கு நீங்கள் அவசியமாகத் தேவைப்படும் வாரங்களும் உண்டு, இல்லாவிட்டாலும் ஓடிவிடும் வாரங்களும் உண்டு. சமையல் எழுதுகிறவர் தீபாவளிக்கு 2 வாரம் முன்னால் காணாமல் போகக்கூடாது. பொதுத்தேர்வுக்குப் பாடம் எழுதுகிறவருக்கு பிப்ரவரி ஆகாது. எனக்கு ஆடி ஆகாது. ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் விதை ஊன்றும் கூட்டம் அத்தனையும் என் வாசலில்தான் நிற்கும். மண் கலவை, விதைநேர்த்தி, எந்தத் தொட்டியில் எது என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள். மே மாதத்திலோ கத்திரி வெயிலில் புதிதாக யாரும் எதையும் விதைக்கப் போவதில்லை. இருக்கிற செடியைக் காப்பாற்றினால் போதும். ஆக, என் ஓய்வுக்கு இடம் மே மாதம்தான்.

கடைசிப் பதிவு ஏப்ரல் 24, வெள்ளி. திரும்ப வரும் முதல் பதிவு ஜூன் 9, செவ்வாய். நடுவில் 45 நாள், விட்டுப்போகும் பதிவுகள் 12. ஆடிப் பட்டத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஓய்வு முடியும் நாளும் பதிவு வெளிவரும் நாளும் ஒன்றல்ல. ஜூன் 9 காலையில் பதிவு வரவேண்டும் என்றால் அதை நான் ஜூன் முதல் வாரத்திலேயே எழுதி, படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். எனவே என் சொந்தக் கணக்கில் ஓய்வு ஜூன் 1 அன்றே முடிந்தது. கடைசி வாரம் வேலை வாரம். அது வாசகருக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் மனதில் ஜூன் 1 என்றால் கடிதத்தில் ஜூன் 9 என்று எழுதுங்கள். முன்கூட்டி வந்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

நீங்கள் இல்லாதபோது என்ன கேட்பார்கள்?

கடிதம் எழுதுவதற்கு 2 வாரம் முன்பு, முந்தைய வருடம் அதே மாதங்களில் வந்த பின்னூட்டங்களை எடுத்துப் படித்தேன். இது அரை நாள் வேலை, ஆனால் இதைவிட உருப்படியான தயாரிப்பு வேறில்லை. மே மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்டது சுற்றிச்சுற்றி மூன்றே விஷயம்: தக்காளி பூக்கிறது, ஆனால் பூ உதிர்கிறது; இலை ஓரம் கருகுகிறது; செம்பருத்தியில் மாவுப்பூச்சி.

மூன்றுக்கும் பழைய பதிவுகளில் பதில் இருந்தது. ஆனால் தேடினால் கிடைக்கிற மாதிரி இல்லை. தக்காளி பதிவுக்கு "வெயில் காலமும் என் செல்லங்களும்" என்று தலைப்பு வைத்திருந்தேன்; அப்போது அழகாகத் தோன்றியிருக்கும்போல. அதை "வெயிலில் தக்காளிப் பூ உதிர்வது ஏன்?" என்று மாற்றினேன். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ காய் பிடிக்காமல் உதிரும், உரம் போட்டுத் தடுக்க முடியாது, நிழல்வலை கட்டிப் பொறுத்திருக்க வேண்டியதுதான் என்ற சேதியை நான்காம் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு ஏற்றினேன். மாவுப்பூச்சிப் பதிவில் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று அளவு இருந்தது. வெயில் ஏறும்முன் அல்லது சாய்ந்தபின்தான் தெளிக்க வேண்டும் என்பதை எழுத விட்டிருந்தேன். சேர்த்தேன். இந்த மூன்று பதிவுகளின் சுட்டிகளைத்தான் பிறகு கடிதத்தில் கொடுத்தேன். சுட்டிகளை ஒருமுறை கைபேசியிலிருந்து அழுத்திப் பாருங்கள். முகவரி மாறிப்போன பதிவு ஒன்று எனக்கு அப்படித்தான் அகப்பட்டது.

கைமாற்றுக் கடன் மாதிரி நிற்கும் வாக்குறுதிகளையும் தீர்த்துவிட வேண்டும். 17 பேருக்கு விதை அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். கவரில் போட்டு அனுப்பி முடித்தபிறகுதான் கடிதத்தை வெளியிட்டேன். பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவராக இருந்தால் இது இன்னும் முக்கியம். சந்தா கட்டியவருக்கு அந்த மாதங்களை நீட்டிப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்பதை முன்பே முடிவு செய்து, பொதுக் கடிதத்தில் போடாமல் அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள்.

கடிதத்துக்கு மாதிரி, பேப்பரில் வரும் விடுமுறைக் கட்டம்

பொங்கல், தீபாவளி சமயத்தில் நாளிதழ்களில் சின்னதாக ஒரு கட்டம் வரும், பார்த்திருப்பீர்கள். பண்டிகையை முன்னிட்டு அலுவலகத்துக்கு இன்று விடுமுறை, ஆகையால் நாளை இதழ் வெளிவராது, அடுத்த இதழ் இந்தத் தேதியில் வரும். மூன்றே வாக்கியம். அதைப் படித்துவிட்டு "ஐயோ, ஆசிரியருக்கு என்ன ஆச்சோ?" என்று யாரும் பதறியதில்லை. காரணம் உண்டு, ஆனால் விளக்கம் இல்லை. தேதி உண்டு, ஆனால் மன்னிப்பு இல்லை.

அதை அப்படியே வைத்தால் மொட்டையாக இருக்கும். வருடக்கணக்காக "அக்கா" என்று கூப்பிடுகிறவர்களிடம் அலுவலக அறிவிப்பு மாதிரிப் பேச முடியாது. எனவே எலும்பு அந்தக் கட்டம், மேலே சதை நம் குரல். நான் எழுதியது இது:

> அன்புள்ள தோட்டக்கார நண்பர்களுக்கு,
>
> வணக்கம். 7 வருடமாக வாரம் இரண்டு முறை உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த வெயிலுக்கு என் செடிகளுக்கு நிழல்வலை கட்டியாகிவிட்டது. எனக்கும் ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஏப்ரல் 25 முதல் ஜூன் 8 வரை எழுத்துக்கு விடுமுறை. ஜூன் 9, செவ்வாய்க்கிழமை காலை ஆடிப் பட்டத்துக்கான மண் கலவையோடு வருகிறேன்.
>
> நான் நலம், வீட்டிலும் எல்லோரும் நலம். இது முன்பே திட்டமிட்ட ஓய்வு.
>
> மே மாதத்தில் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகளுக்கான பதில்களைப் புதுப்பித்துக் கீழே வைத்திருக்கிறேன். பழைய பதிவுகள் எல்லாம் அப்படியே இருக்கும். கேட்க வேண்டியது ஏதும் இருந்தால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் கேளுங்கள், பதில் சொல்லிவிட்டே கிளம்புகிறேன். அதன்பிறகு ஜூன் 9 வரை பின்னூட்டப் பெட்டி மூடியிருக்கும். மெயில் அனுப்பினால் பதில் தாமதமாகும்.
>
> காலையில் 7 மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.
>
> அன்புடன்,
> உங்கள் தோட்டக்காரி

ஒவ்வொரு வரியும் எதற்கு?

ஓய்வு தொடங்கும் நாள், முடியும் நாள், பதிவு வரும் நாள் மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிடுகின்றன. பாதிப் பேர் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவார்கள், அவர்களுக்கும் சேதி போய்ச் சேர வேண்டும். "சிறிது காலம்", "விரைவில்", "கூடிய சீக்கிரம்" இந்த மூன்றையும் கடிதத்தில் எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். "சிறிது காலம்" என்றால் ஒருவருக்கு ஒரு வாரம், இன்னொருவருக்கு ஒரு வருடம். இரண்டாவது வாரமே "எப்ப வருவீங்க?" என்று முதல் மெயில் வந்துவிடும்.

"நான் நலம், வீட்டிலும் எல்லோரும் நலம்" என்ற வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் கடிதத்திலேயே அதிக வேலை செய்த வரி அதுதான். நம் ஊரில் ஒருவர் ஓய்வு என்று சொன்னாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்தை நேராகத் தீர்க்காவிட்டால் அது பின்னூட்டமாக வரும். உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால்? பொய் சொல்ல வேண்டாம். "மருத்துவர் சொன்னபடி ஓய்வில் இருக்கிறேன், வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள்" என்பதோடு நிறுத்துங்கள். நோயின் பெயர் மட்டும் வேண்டாம். பெயர் சொன்ன மறுகணம் வைத்தியம் வந்து குவியும், அத்தனைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

மன்னிப்பு கேட்காததைச் சிலர் கவனித்துச் சொன்னார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். "மன்னிக்க வேண்டும்" என்று எழுதினால், "இதுக்கெல்லாம் எதுக்கு அக்கா மன்னிப்பு!" என்று ஆறுதல் சொல்ல வாசகர் கடமைப்பட்டுவிடுகிறார். அவர் சொன்னால் நாம் பதில் சொல்ல வேண்டும். கேட்பதற்குத் தப்பு ஒன்றும் நடக்கவுமில்லை.

அதேபோலக் கடிதத்தின் முடிவில் கேள்வி வைக்காதீர்கள். "நீங்கள் எப்படி ஓய்வெடுப்பீர்கள்? சொல்லுங்களேன்" என்று முடிப்பது நமக்குப் பழகிப்போன கை. ஆனால் மூடப்போகும் கடையில் புதுச் சரக்கை விரிப்பதுபோல அது. தண்ணீர் ஊற்றச் சொல்லி முடித்தேன். அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தாயிற்று, எனக்கு வேலை இல்லை.

எங்கே போகிறேன் என்பதையும் எழுதவில்லை. 45 நாளில் ஒரு வாரம் வெளியூர் போனோம். என் மாடியின் படத்தைப் பார்த்துத் தெருவைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாசகி, பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியை வைத்தே கண்டுபிடித்து நேரில் வந்திருக்கிறார். அவர் நல்லவர், கையில் முருங்கைக் குச்சியோடு வந்தார். எல்லோரும் முருங்கைக் குச்சியோடு வரமாட்டார்கள். பூட்டிய வீடு எந்தத் தேதியில் பூட்டியிருக்கும் என்பதை பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள், உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனிலும் தெரிவிக்கலாம். கடிதத்தில் வேண்டாம்.

எப்போது வெளியிடுவது

கடைசி நாளில் அல்ல, ஒரு வாரம் முன்னால். நான் ஏப்ரல் 17 வெள்ளியன்று வெளியிட்டேன். இப்படிக் கடிதம் போட்டால் வருகிற பதில்களில் பெரும்பாலானவை முதல் 3 நாளில் வந்துவிடும். ஓய்வு தொடங்கும் நாளில் கடிதம் போட்டால் ஓய்வின் முதல் 3 நாள் அதற்கே போய்விடும். ஒரு வாரம் முன்னால் போட்டதால் அத்தனைக்கும் நிதானமாகப் பதில் சொல்லி முடித்தேன். ஏப்ரல் 21, 24 தேதிகளில் வழக்கமான பதிவுகள் வந்தன. கடைசிப் பதிவின் அடியில் 2 வரி நினைவூட்டல். வேறு ஒன்றும் செய்யவில்லை.

கிளம்பும்முன் திருக வேண்டிய திருகுகள்

நான் வைத்திருப்பது வேர்ட்பிரஸ், அதை வைத்தே சொல்கிறேன். கடிதத்தின் பக்கத்தில் `Sticky` என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது முகப்பில் எல்லாப் பதிவுக்கும் மேலே நிற்கும். புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

பின்னூட்டம் கொஞ்சம் சிக்கல். `Settings → Discussion` பக்கத்தில் புதுப் பதிவுகளுக்குப் பின்னூட்டத்தை அனுமதிக்கும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட்டால் எல்லாம் மூடிவிடும் என்று நினைப்போம். மூடாது. அது இனிமேல் எழுதப்போகும் பதிவுகளுக்கு மட்டும்தான். பழைய பதிவுகள் திறந்தே கிடக்கும். அதே பக்கத்தில் இத்தனை நாளுக்கு மேற்பட்ட பதிவுகளில் பின்னூட்டத்தைத் தானாக மூடு என்று ஒரு வரி இருக்கிறது. அதில் குறியிட்டு 1 நாள் என்று கொடுத்தால், ஏப்ரல் 25 அன்று கடைசிப் பதிவும் மூடிக்கொள்ளும். திரும்பி வந்ததும் அந்தக் குறியை எடுத்தால் மறுபடி திறந்துவிடும். ஒவ்வொரு பதிவாகப் போய்த் திறக்க வேண்டியதில்லை.

ஜிமெயிலில் `Vacation responder` வைத்து, தேதிகளையும் மூன்று சுட்டிகளையும் மட்டும் எழுதினேன். ஒரே ஆள் அடுத்தடுத்து மெயில் அனுப்பினாலும் 4 நாளுக்கு ஒரு தடவைதான் அந்தத் தானியங்கிப் பதில் போகும், ஆகவே யாரையும் நச்சரிக்காது. அதில் கடைசி நாளைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

வலைமுகவரியின் சந்தா ஓய்வுக்கு நடுவில் முடிகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் முன்பே கையால் கட்டிவிடுவது நல்லது. தானாகக் கட்டிக்கொள்ளும் என்று நம்பியிருந்து, ஓடிபி கேட்டு நின்றுபோன கதை எனக்குத் தெரிந்தவர்களுக்கே உண்டு.

முன்கூட்டியே பதிவுகளை எழுதி, ஓய்வு நாட்களில் தானாக வெளிவரும்படி அடுக்கிவைப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. பதிவு வந்தால் ஆள் இருக்கிறார் என்று நினைத்துப் பேச வருவார்கள். மேலும் 12 பதிவை ஏப்ரலிலேயே எழுதி முடிப்பது ஓய்வு இல்லை, வட்டியோடு முன்பணம். அப்படியும் ஒன்றிரண்டு அடுக்கத்தான் வேண்டும் என்றால் `Settings → General` பக்கத்தில் `Timezone` என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது `UTC+0` என்று இருந்தால், காலை 6 மணி என்று நீங்கள் குறித்த பதிவு நம் நேரத்தில் 11.30 மணிக்குத்தான் வரும். `Kolkata` என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சொந்தச் சர்வரில் இருக்கும் வேர்ட்பிரஸ், யாராவது தளத்துக்கு வரும்போதுதான் "வெளியிட வேண்டியது ஏதும் இருக்கிறதா?" என்று பார்க்கும். வருகையே இல்லாத சின்னத் தளத்தில் பதிவு நேரம் தவறி, பட்டியலில் `Missed schedule` என்று நின்றுவிடுவது உண்டு. முதலில் ஒரு சோதனைப் பதிவை 10 நிமிடம் தள்ளிக் குறித்து, வருகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

நடுவில் நாள் போதவில்லை என்றால்

சொன்ன தேதிக்கு வரமுடியாது என்று தெரிந்தால், அந்தத் தேதிக்கு முன்னாலேயே கடிதத்தின் மேல் 2 வரி சேருங்கள்: "ஜூன் 9 என்று சொன்னேன், ஜூன் 23 ஆகிறது. மற்றதெல்லாம் முன்பு சொன்னபடியே." காரணம் சொல்லத் தொடங்கினால் மறுபடி முதல் கடிதத்தின் கதைதான். தேதி கடந்தபிறகு எழுதினால் அந்த 2 வரி போதாது, இடைப்பட்ட நாட்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும். ஒருமுறை நீட்டிக்கலாம். இரண்டாம் முறையும் நீட்டிக்கத் தோன்றினால், வாரம் இரண்டு என்ற கணக்கே உங்களுக்கு ஒத்துவரவில்லையோ என்று பாருங்கள். நான் திரும்பி வந்ததிலிருந்து வாரம் ஒன்றுதான்.

திரும்பி வரும் பதிவில் ஓய்வைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம். என் ஜூன் 9 பதிவு, "தேங்காய்நார்க் கழிவை வாங்கினால் முதலில் ஊறவைத்து அலசுங்கள்" என்றுதான் தொடங்கியது. பின்னூட்டப் பெட்டியைத் திறந்தேன், தானியங்கி மெயிலை நிறுத்தினேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். முகப்பில் ஒட்டிவைத்த கடிதத்தை எடுக்கத்தான் மறந்துவிட்டேன். ஆடி பிறந்து 3 வாரம் கழித்து ஒரு தம்பி எழுதினார்: "அக்கா, ஆகஸ்ட் வந்தாச்சு. நீங்க இன்னும் ஜூன் 9-க்கு வர்றேன்னு மேலே நின்னுட்டு இருக்கீங்க."